மலைத்தேன் துபாய் போன கணக்கு

ஜவ்வாது மலைத்தேன் ஆலங்காயம் கடைத்தெருவுக்கு வந்து சேரும்போது அதற்கு லேபிள் கிடையாது, எடை எழுதிய அட்டையும் கிடையாது. பெரும்பாலும் பழைய பீர் பாட்டில்தான் அதன் உடை. உயரமான மரக் கிளையிலும் பாறை முகட்டின் அடியிலும் பெரிய ஒற்றை அடையாகக் கட்டும் மலைத்தேனீயின் தேன் அது. மலைவாசிகள் புகை போட்டு, அடையை அறுத்து, பிழிந்து வடிகட்டி, கையில் கிடைத்த பாட்டிலில் ஊற்றி இறக்கிக்கொண்டு வருவார்கள். விலையும் பாட்டிலுக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படும். கிலோ என்ற பேச்சே அங்கே எழாது.

நான் சொல்லப்போவது அப்படி வந்த இரண்டு பாட்டில்களைப் பற்றி. ஆலங்காயத்தில் ஒரு அம்மா அவற்றைக் காவலூர் பக்கத்து மலைக்காரர் ஒருவரிடம் வாங்கினார். மகனுக்குத் துபாயில் வேலை. விடுமுறை முடிந்து சென்னையிலிருந்து விமானம் ஏற இருந்தான். இரண்டு பாட்டிலும் அவனோடு போக வேண்டும் என்பது அம்மாவின் முடிவு. பாட்டில்கள் சமையலறை மேடையில் ஏறிய அதே நாளில், வாணியம்பாடியில் டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரர் லக்கேஜ் விதிகளின் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். தேனின் தலையெழுத்து அந்தப் படத்தில் இருந்தது.

படத்தில் ஒரு அட்டவணை. மேலே டிக்கெட் வகைகள், பக்கவாட்டில் நாடுகள், கட்டங்களில் 20, 25, 30 என்று எண்கள். அம்மாவின் கண்ணில் பட்டது 30. அவர் பட்டியல் போட்டது அந்த எண்ணை மனதில் வைத்துத்தான். ஆனால் இப்படிப்பட்ட அட்டவணையில் நமக்குரிய கட்டம் ஒன்றே ஒன்றுதான். நாம் போகும் நாட்டின் வரிசையும் நாம் வாங்கிய டிக்கெட்டின் வகையும் சந்திக்கும் இடம் அது. ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போகிற இரண்டு பேருக்கு வேறு வேறு எடை இருக்கலாம். குறைந்த விலை டிக்கெட்டுக்குக் குறைந்த எடை.

மகன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். டிக்கெட் வகையின் பெயர் இருக்க வேண்டிய மேல் விளிம்பு படத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தது. கீழே நட்சத்திரக் குறியிட்ட சின்ன எழுத்து வரிகளில் கடைசி வரி காணவில்லை. விதிப் பக்கத்தைப் படம் பிடிக்கும்போது வெட்டுப்படுவது எப்போதும் விளிம்புதான். எந்தப் பயணத்துக்கு, எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய டிக்கெட்டுக்கு என்கிற விவரமெல்லாம் இருப்பதும் அந்த விளிம்பில்தான். அதனால் படத்தை மட்டும் நம்பாமல், அவன் தன் இ-டிக்கெட்டைத் திறந்தான். அதில் பயண விவரத்துக்குப் பக்கத்தில் `25K` என்று இருந்தது. அவனுக்கு உரியது 25 கிலோ. அதே இடத்தில் `1PC` அல்லது `2PC` என்று இருந்தால் கணக்கே வேறு. அது பெட்டிகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எடை வரம்பு இருக்கும். ஒன்றில் மிச்சமான எடையை இன்னொன்றில் சேர்த்துக்கொள்ள முடியாது. அமெரிக்கா போகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது அதைத்தான்: 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி.

படத்தில் தெளிவாகத் தெரிந்தவை இன்னும் இரண்டு. கையில் கொண்டுபோகும் பை 7 கிலோ, மடிக்கணினியையும் சேர்த்து. ஒரு தனிப் பெட்டி எக்காரணம் கொண்டும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது. இந்த 32 விமான நிறுவனங்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொதுவான எண். பெட்டியைத் தூக்கி அடுக்குகிற தொழிலாளியின் முதுகுக்காக வைத்தது. கூடுதல் எடைக்குப் பணம் கட்டலாம். 32-ஐத் தாண்டிய பெட்டிக்குப் பணம் கொடுத்தாலும் வழி கிடையாது. பிரித்து இரண்டாக்க வேண்டும்.

ஆக, தேன் பாட்டில் முன்னால் மூன்று எண்கள் நின்றன: 25, 7, 32. அம்மாவின் பட்டியலோ வேறு அளவைகளில் இருந்தது. தேன் இரண்டு பாட்டில், எண்ணெய் இரண்டு லிட்டர், முறுக்கும் அதிரசமும் ஒரு டப்பா, ஊறுகாய் ஒரு ஜாடி, ஜீன்ஸ் நாலு. வீட்டில் யாரும் பொருளைக் கிலோவில் நினைப்பதில்லை. விமான நிறுவனம் கிலோவைத் தவிர வேறு எதையும் நினைப்பதில்லை. லக்கேஜ் திட்டமிடுவது என்றால் பாதி வேலை, முதல் அளவையிலிருந்து இரண்டாவதற்கு ஒவ்வொரு பொருளாக மாற்றுவதுதான்.

அதில் ஆளை ஏமாற்றுகிற பொருள்களில் முதலிடம் தேனுக்கு. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. நல்லெண்ணெய் அதைவிட லேசு, ஒரு லிட்டர் 920 கிராம் அளவில் நிற்கும். தேன் ஒரு லிட்டர் 1.4 கிலோ. பெரிய பீர் பாட்டில் 650 மில்லி. அதில் நிறையத் தேன் ஊற்றினால் தேன் மட்டும் 900 கிராமுக்கு மேல். கனமான கண்ணாடி இன்னும் அரை கிலோ. கையில் பிடித்தால் சின்னதாகத் தெரிகிற இரண்டு பாட்டிலும் சேர்ந்து 2.8 கிலோ. அதில் ஒரு கிலோ, துபாய் போய்ச் சேர்ந்ததும் குப்பைத் தொட்டிக்குப் போகப்போகிற கண்ணாடி.

எல்லாவற்றையும் எடை போட வேண்டும் என்று மகன் தெருமுனை மளிகைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். கடை எலெக்ட்ரானிக் தராசு பத்து கிராம் வரை காட்டும். பெட்டிக்கு மட்டும் அது போதாது. அதற்குப் பழைய இரும்புக் கடையின் தரைத் தராசு. வீட்டில் ஆள் ஏறி நிற்கும் எடை மெஷின் இருந்தால் அதிலும் செய்யலாம்: வெறும் ஆளாக ஒரு தடவை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை ஏறி நின்று கழித்துக்கொள்வது. முதலில் நிறுத்தது காலிப் பெட்டியை. 4.6 கிலோ! ஒன்றும் வைக்காமலே 25-ல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. பட்டியல் எழுதுகிறவர்கள் வழக்கமாக எழுத மறப்பது பெட்டியைத்தான்.

கடையில் எழுதிக்கொண்டு வந்த எடை இது.

பெட்டி 4.6
துணிமணி 7.2
தோல் ஷூ 1.0
குக்கர் 2.1
சாமை அரிசி 5.0
கொட்டையோடு புளி 3.0
மசாலாத் தூள், கசகசா, கொப்பரை 2.0
எண்ணெய் 2 லிட்டர், கேனோடு 1.9
ஊறுகாய், ஜாடியோடு 1.3
முறுக்கு, அதிரசம் 2.0
தேன், பாட்டிலோடு 2.8

மொத்தம் 32.9 கிலோ. உரிய எடையைவிட 7.9 கூடுதல். ஒரே பெட்டி என்று பார்த்தாலும் 32-ஐத் தாண்டிவிட்டது. பணம் கட்டித் தப்பிக்கும் வழியும் அடைபட்டது.

இந்த இடத்தில்தான் அவன் மாமா வந்து சேர்ந்தார். பட்டியலைப் பார்த்தார், படத்தையும் பார்த்தார். "மாப்ள, கையில ஏழு கிலோ எடுத்துக்கலாம்னு போட்டுக் கீது இல்ல? உன் கம்ப்யூட்டரு, துணி எல்லாம் சேத்து அஞ்சு கிலோதான் வரும். தேனை அதுல வெச்சுக்கோ" என்றார்.

கணக்கு அச்சாகப் பொருந்தியது. பை 0.9, மடிக்கணினியும் சார்ஜரும் 2.4, பவர் பேங்க் 0.4, காகிதங்களும் ஒரு மாற்றுத் துணியும் 1.3. மொத்தம் 5.0. இரண்டு கிலோ காலி. கண்ணாடியை மாற்றிவிட்டால் தேன் அதில் அடங்கிவிடும். ஆனால் லக்கேஜ் கணக்கில் ஆட்கள் பொருளை இழக்கிற இடம் இதுதான். கைப்பைக்கு எடை வரம்பு ஒன்று; பாதுகாப்புச் சோதனையின் வரம்பு இன்னொன்று. முதலாவதைப் பார்ப்பது விமான நிறுவனத்தின் கவுண்டர், இரண்டாவதைப் பார்ப்பது எக்ஸ்ரே மெஷினுக்குப் பின்னால் நிற்கும் காவலர். வெளிநாட்டு விமானத்தில் திரவம், பசை, குழம்புப் பதத்தில் உள்ள எதுவும் 100 மில்லிக்கு மேற்பட்ட பாத்திரத்தில் கைப்பையில் போகக் கூடாது. அந்தச் சின்னப் பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே ஜிப் கவருக்குள் அடங்க வேண்டும். தேன், நெய், ஊறுகாய், சட்னி எல்லாம் இந்தக் கணக்கில் திரவம்தான். பாட்டில் பாதி காலியாக இருந்தாலும் பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவை.

கவுண்டரில் பெட்டி கனமாக இருக்கிறது என்று சொன்னதும் பயணிகள் அவசரமாகப் பெட்டியைத் திறந்து கனமானதைக் கைப்பைக்கு மாற்றுவார்கள். கனமானது என்றால் பெரும்பாலும் எண்ணெயும் தேனும் ஊறுகாயும். கவுண்டரில் எடை சரியாகி போர்டிங் பாஸ் கிடைத்துவிடும். பத்து நிமிடம் கழித்து சோதனை மேடையில் அதே பாட்டில் வெளியே எடுக்கப்படும். அப்போது பெட்டி கன்வேயர் பெல்ட்டில் உள்ளே போயிருக்கும். திருப்பி வைக்க வழி இல்லை. ஆகவே, பெட்டியிலிருந்து கைப்பைக்கு மாற்றத் தகுந்தவை உலர்ந்தவை மட்டுமே என்பதை வீட்டிலேயே பட்டியலில் குறித்துவிட வேண்டும். மகன் மாமாவிடம், "அது போவாது மாமா, புடுங்கிப்பாங்க. முறுக்கை வேணா கையில எடுத்துக்கறேன்" என்றான்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடுவது பவர் பேங்க். அதில் லித்தியம் பேட்டரி இருப்பதால் பெட்டிக்குள் வைக்கவே கூடாது, கையில்தான். அதன் அளவு 100 வாட்-அவருக்குள் இருந்தால் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-அவர் என்று எழுதியிருக்கும் பவர் பேங்கை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வருகிறது. பிரச்சினை இல்லை.

விதிப் படத்தில் எடையைத் தவிர தடைப் பொருள்களின் வரிசையும் இருந்தது. அதில் அம்மாவின் பட்டியலோடு மோதியது கொப்பரை. எண்ணெய்ச் சத்து நிறைந்த காய்ந்த தேங்காய் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. இந்திய விமானப் பாதுகாப்புத் துறை 2022-ல் அதைப் பெட்டியில் கொண்டுபோகக் கூடாத பொருளாக்கியது. விமான நிறுவனத்தின் பக்கத்தில் இல்லாமல், போகிற நாட்டின் சட்டத்தில் இருந்த இன்னொன்று கசகசா. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு அரைக்க வைத்திருந்தேன் என்று சொன்னால் எடுபடாது. எடைக்காகக் கூட்டிக் கழிப்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் எடுத்துவிட வேண்டும். மசாலாக் கணக்கில் 400 கிராம் குறைந்தது.

பிறகு கழித்தல் தொடங்கியது. துபாயில் குக்கர் கிடைக்கும் என்பதால் 2.1 கிலோ வீட்டிலேயே நின்றது. சாமையை ஐந்திலிருந்து இரண்டாக்கினார்கள். கராமா பக்கத்து இந்தியக் கடைகளில் சிறுதானியம் வாங்க முடியும். ஷூவைக் காலில் போட்டுக்கொண்டால் எடை போட யாரும் இல்லை. புளியில்தான் அம்மா கெட்டிக்காரத்தனம் காட்டினார். ஓடு நீக்கிய புளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டை. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கொட்டை எடுத்தார். மூன்று கிலோ 1.9 ஆனது, புளி ஒரு சுளைகூடக் குறையவில்லை. முறுக்கில் ஒரு கிலோ கைப்பைக்கு மாறியது. கைப்பை இப்போது 6 கிலோ.

மிச்சம் தேன். இரண்டு லேசான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற்றியதும் 2.8 கிலோ 1.9 ஆயிற்று. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை தேவைப்பட்டது. காட்டுத்தேனில் நீர்ச்சத்து கூடுதலாக இருக்கும். 20 சதவீதத்தைத் தாண்டினால் அது மெல்லப் புளிக்கும், வாயு கக்கும். மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்ற சத்தம், மேலே நுரை, லேசான புளிப்பு வாசனை இருந்தால் அந்தத் தேனை விமானத்தில் அனுப்பக் கூடாது. மூடிய பாட்டிலில் வாயு சேர்ந்து, பெட்டிக்குள் துணி முழுக்க ஓடிவிடும். இவர்கள் தேன் அடைப்பை எடுத்தபோது அமைதியாக இருந்தது.

தேன் நல்லதாக இருந்தாலும் கசிய இன்னொரு காரணம் உண்டு. விமானத்தின் சரக்கு அறையும் பயணிகள் அறையைப் போலவே காற்றழுத்தம் ஏற்றப்பட்டதுதான். ஆனால் அந்த அழுத்தம் தரை அளவுக்கு இருக்காது. சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம் வரை குறையும். ஊட்டியின் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் 725 மீட்டர்தான். கடல் மட்டத்தில் மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். பாட்டிலில் காற்று அதிகமாக இருந்தால் தள்ளலும் அதிகம். அதனால் பெரிய பாட்டிலில் பாதி ஊற்றுவதைவிட, அளவான பாட்டிலைக் கழுத்துவரை நிரப்புவதே சரி. மகன் அப்படித்தான் செய்தான். பாட்டில் வாயில் ஒரு பாலிதீன் துண்டை வைத்து மூடியைத் திருகி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போட்டுக் கட்டி, லுங்கியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் நிறுத்தி வைத்தான். நாலு பக்கமும் துணி. எண்ணெய் கேனுக்கும் ஊறுகாய்க்கும் அதே மரியாதை.

கணக்குப்படி பெட்டி 23.4 கிலோ வர வேண்டும். இரும்புக் கடைத் தராசு 23.6 காட்டியது. டேப், கவர், பொட்டலம் கட்டிய காகிதம் எல்லாம் சேர்ந்து 200 கிராம். "இன்னும் ஒன்னரை கிலோ இடம் இருக்குதே, அந்தச் சாமைல ஒரு கிலோ போடேன்டா" என்று அம்மா கேட்டார். அவன் மறுத்துவிட்டான். ஊர்த் தராசும் விமான நிலையத் தராசும் ஒரே எண்ணைச் சொல்லும் என்று நம்ப முடியாது. கடைசி நேரத்தில் கையில் கொடுக்கப்படும் பொட்டலங்களும் எங்கேயாவது ஏற வேண்டும். ஒரு கிலோவாவது காலியாக வைப்பது விதியில் எழுதப்படாத விதி.

தேன் ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் வாணியம்பாடி வந்தது. அங்கிருந்து ரயிலில் சென்னை. ரயிலில் தூங்கும் வசதிப் பெட்டிக்கு 40 கிலோ வரை இலவசம். எடை போட்டுப் பார்ப்பவர்கள் அபூர்வம். பஸ்ஸிலும் ரயிலிலும் பழகிய நமக்கு விமான நிலையத் தராசு கண்டிப்பாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். சென்னை கவுண்டரில் பெட்டியைத் தூக்கி வைத்ததும் சிவப்பு எழுத்தில் 23.9 என்று வந்தது. ஊர்த் தராசைவிட 300 கிராம் கூடுதல். 25-ஐ ஒட்டி அடைத்திருந்தால் அந்த 300 கிராமுக்காக வரிசையில் பெட்டியைத் திறக்க வேண்டி வந்திருக்கும். கைப்பையையும் வைக்கச் சொன்னார்கள்: 6.2. சோதனை மேடையில் முறுக்குப் பொட்டலம் எந்தக் கேள்வியும் இல்லாமல் தாண்டியது.

துபாய் அறையில் பெட்டியைத் திறந்தபோது ஒரு கவரின் உள்ளே மூடியோரத்தில் சொட்டுத் தேன் ஒட்டியிருந்தது. லுங்கியில் கறை இல்லை. மலைத்தேன் 1.8 கிலோவும் குறையாமல் வந்து சேர்ந்தது.

வெளிநாடு போகும் பிள்ளைக்குப் பட்டியல் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். விதிப் பக்கத்தின் படத்தைப் பார்ப்பதற்கு முன் டிக்கெட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். பட்டியலின் முதல் வரியில் காலிப் பெட்டியின் எடையை எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே மூன்று விவரம் இருக்கட்டும்: பாத்திரத்தோடு எத்தனை கிலோ, பெட்டியா கைப்பையா, போகிற நாட்டில் அனுமதி உண்டா. தேனையும் எண்ணெயையும் ஊறுகாயையும் பெட்டிக் கணக்கிலேயே எழுதுங்கள். பெட்டியில் இடம் இல்லை என்றால் தேனைக் குறைக்கலாம், சாமையைக் குறைக்கலாம். தேனைக் கைப்பைக்கு மட்டும் மாற்றாதீர்கள்.